கிராண்ட் நோட்டீஸைத் தமிழில் எழுதுவது எப்படி: பிள்ளைப் பணத்தை வைத்து ஒரு முழு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவில் அரசின் உதவிப்பணங்களைக் கொடுக்கும் நிறுவனம் சாஸா. பிள்ளை வளர்ப்பவருக்கு அது மாதாமாதம் தரும் பணம் சைல்ட் சப்போர்ட் கிராண்ட். அதற்கான அறிவிப்பு ஒரு பக்கம்தான். ஆனால் அதை அப்படியே தமிழாக்கினால், பேரனை வளர்க்கும், பணம் கிடைக்க வேண்டிய ஆயா, 'இது நமக்கில்லை' என்று எழுந்து போய்விடுவார். தப்பு நடக்கும் இடங்கள் ஆறேழுதான். எல்லா அறிவிப்பிலும் அவையே திரும்பத் திரும்ப வரும். அதனால் இந்த ஒரு அறிவிப்பை எடுத்து, தொங்காட், வெருலம், ஸ்டேங்கர், உம்சிண்டோ பக்கத்துக் கரும்புத் தோட்ட ஊர்களில் உள்ள தமிழருக்காக எழுதுவதாக வைத்து, முதலிலிருந்து முடிவு வரை போவோம்.

முதலில், யார் படிக்கப் போகிறார்கள்

இந்த ஊர்களில் தமிழ் பேச்சு காதில் விழுந்தால் புரிந்துகொள்ளும் முதியவர்கள் உண்டு. எழுத்தைப் படிப்பவர்கள் அவர்களில் கொஞ்சம் பேர்தான். பேரப்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் போதும். ஆகவே உங்கள் நோட்டீஸ் கோயில் பலகையில் ஒட்டப்படுவதைவிட, பூசை முடிந்தபின் ஒருவர் நின்று உரக்க வாசிப்பதே அதிகம் நடக்கும். கண்ணுக்காக அல்ல, காதுக்காக எழுதுங்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி. அடைப்புக்குறி வேண்டாம், சாய்கோடு வேண்டாம், 'மேற்கண்ட', 'கீழ்க்காணும்' வேண்டாம். காதால் கேட்பவருக்கு மேலும் கிடையாது, கீழும் கிடையாது.

உரக்க வாசித்தால் மூன்று நிமிடத்துக்குள் முடிய வேண்டும். ஒட்டுவதற்கு ஒரு ஏ-4 தாள், பெரிய எழுத்து. இடம் போதாவிட்டால் எழுத்தைச் சுருக்காதீர்கள், சொற்களைக் குறையுங்கள்.

எந்தச் சொற்களை மாற்றக் கூடாது

கவுன்டரில் இருப்பவர் ஆங்கிலத்திலோ ஜூலுவிலோ பேசுவார். 'குழந்தை ஆதரவு மானியம் வேண்டும்' என்று அவரிடம் சொல்லி ஒரு பயனும் இல்லை. வாசகர் வாயால் சொல்ல வேண்டிய பெயர்களும் பலகையில் பார்க்க வேண்டிய பெயர்களும் ஒலி மாறாமல் தமிழ் எழுத்தில் இருக்கட்டும்: சாஸா, சைல்ட் சப்போர்ட் கிராண்ட், ஹோம் அஃபேர்ஸ், ஐடி, அஃபிடவிட், கிளினிக் கார்டு. முதல் தடவை வரும்போது மட்டும் பக்கத்தில் அரை வரியில் அது என்ன என்று சொல்லுங்கள்.

அஃபிடவிட்டைப் 'பிரமாணப் பத்திரம்' என்று எழுதினால் கோர்ட்டும் வக்கீலும் நினைவுக்கு வரும். செலவாகும் என்று பயம் வரும். உண்மையில் நடப்பது என்ன? போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் உண்மையைச் சொல்கிறோம், தாளில் எழுதி, சத்தியம் செய்து கையெழுத்துப் போடுகிறோம், அவர்கள் முத்திரை குத்துகிறார்கள், காசு வாங்குவதில்லை. அதையே எழுதுங்கள்.

நேர்மாறான தப்பும் உண்டு. தெரிந்த சொல் போலத் தெரிவதை யோசிக்காமல் மாற்றிவிடுவது. மினிஸ்டர் ஆஃப் ரிலீஜன் என்றால் கோயில் குருக்கள், பாதிரியார், மௌலவி போன்றவர். 'மதத்துறை அமைச்சர்' என்று எழுதிவிட்டால், ஒரு கையெழுத்துக்காகக் கிழவி பிரிட்டோரியா வரை போக வேண்டியதுதான்.

யாருக்குப் பணம்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

மூல அறிவிப்பை எடுத்து, ஒவ்வொரு நிபந்தனையையும் தனித்தனிக் கேள்வியாகப் பிரித்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பு இன்னும் தொடங்கவில்லை. ஒவ்வொரு கேள்வியின் பக்கத்திலும் 'யாரைப் பற்றியது' என்று குறியுங்கள்: பிள்ளையைப் பற்றியதா, பணம் வாங்குபவரைப் பற்றியதா, இருவரையுமா. பாதித் தவறுகள் இந்த ஒரு குறிப்பிலேயே போய்விடும்.

முதல் கேள்வி, பணம் வாங்குபவர் யார். ஆங்கிலத்தில் பிரைமரி கேர்கிவர். 2004ஆம் ஆண்டின் சோஷியல் அசிஸ்டன்ஸ் சட்டப்படி, 16 வயதுக்கு மேற்பட்டவராக, பிள்ளையின் அன்றாடத் தேவைகளைப் பார்க்கும் முதல் பொறுப்பு யாரிடம் இருக்கிறதோ அவர்தான். பெற்றவராக இருக்க வேண்டியதில்லை, உறவுகூட வேண்டியதில்லை. ஆனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்குச் சம்பளம் வாங்குபவராக இருக்கக் கூடாது. இதை 'முதன்மைப் பராமரிப்பாளர்' என்று எழுதினால் யாரோ ஒரு அதிகாரியின் பதவிப் பெயர் போல ஒலிக்கும். 'பெற்றோர் அல்லது பாதுகாவலர்' என்று எழுதினால் இன்னும் மோசம். அம்மா ஜோஹன்னஸ்பர்க்கில் வேலை செய்ய, இங்கே பேரனை வளர்க்கும் ஆயா தன்னைத் தானே நீக்கிக்கொள்வார். சரியான தமிழ் இப்படி: 'பிள்ளைக்குச் சோறு போட்டு, பள்ளிக்கு அனுப்பி, காய்ச்சல் வந்தால் கிளினிக்குக் கூட்டிப்போவது யாரோ, அவர்தான் கேட்க வேண்டும். அது ஆயாவாக இருக்கலாம், தாத்தாவாக, அத்தையாக, பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம்.' நீளம் கூடுகிறதே என்று பார்க்க வேண்டாம். இந்த நோட்டீஸில் நீளலாம் என்றால் இந்த ஒரு இடத்தில்தான்.

இரண்டாவது, பிள்ளையின் வயது. மூலத்தில் 18க்குக் கீழே என்று இருக்கும். தமிழில் 'பதினெட்டு வயது வரை' என்று எழுதினால், 'பையனுக்குப் பதினெட்டு நடக்கிறதே, சரிதான்' என்று ஒருவரும், 'பதினெட்டு நடக்குது, அதனால் முடிஞ்சுபோச்சு' என்று இன்னொருவரும் எடுத்துக்கொள்வார்கள். நாம் நடப்பு வயதில் பேசும் சனம். ஆகவே 'பதினெட்டாவது பிறந்தநாள் இன்னும் வராத பிள்ளை' என்று எழுதுங்கள்.

மூன்றாவது, ஆறு பிள்ளை வரம்பு. அது பெற்ற பிள்ளைகளுக்கும் சட்டப்படி தத்தெடுத்த பிள்ளைகளுக்கும் கிடையாது. மற்றவர் பிள்ளைகளை வளர்ப்பவருக்கு மட்டும். 'அதிகபட்சம் 6 குழந்தைகள்' என்ற ஒற்றை வரி அந்தப் பிரிவை விழுங்கிவிடும்.

நான்காவது, நாட்டுரிமை. தென்னாப்பிரிக்கக் குடிமக்கள், நிரந்தர வசிப்பு அனுமதி பெற்றவர், அகதி என்று அரசு ஏற்றுக்கொண்டவர் கேட்கலாம். பணம் வாங்குபவரும் பிள்ளையும் இந்த நாட்டில் வசிக்க வேண்டும். ஆங்கிலத்தில் ரெஃப்யூஜி வேறு, அசைலம் சீக்கர் வேறு. தமிழில் இரண்டையும் அகதி என்றே சொல்லிவிடுகிறோம். இலங்கையிலிருந்து வந்து தஞ்சம் கேட்டு, முடிவுக்காகக் காத்திருப்பவர் இந்தப் பணத்தைக் கேட்க முடியாது. 'அகதி என்று அரசு ஏற்று, அதற்கான தாள் கையில் வைத்திருப்பவர்' என்று பிரித்து எழுதுங்கள்.

ஐந்தாவதை மூலத்தில் தேட வேண்டாம், அது வேறு அறிவிப்பிலிருந்து கசியும். முதியோர் பணத்துக்கான நோட்டீஸில், 'உங்களுக்கென்று வேறு கிராண்ட் வாங்கக் கூடாது' என்று உண்டு. 'உங்களுக்கென்று' என்ற சொல்லை விட்டுவிட்டு மொழிபெயர்த்த தாள் ஏற்கெனவே ஊரில் சுற்றியிருந்தால், முதியோர் பணம் வாங்கும் ஆயா பேரனுக்குக் கேட்கவே மாட்டார். அவர் தனக்காக ஒன்று வாங்குவதும் பிள்ளைக்காக இன்னொன்று வாங்குவதும் வேறு வேறு. அதை நோட்டீஸில் ஒரு தனி வாக்கியமாகப் போடுங்கள், மூலத்தில் அந்த வரி இல்லாவிட்டாலும். மொழிபெயர்ப்பவர் மூலத்தில் இல்லாததைச் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். விதியை மாற்றாமல், வாசகர் கட்டாயம் இடறும் கல்லை மட்டும் எடுத்துப் போடுவது சேர்ப்பு ஆகாது.

வருமானக் கணக்கு

மீன்ஸ் டெஸ்ட் என்பதைச் சோதனை என்று எழுதினால் வீட்டுக்கு ஆள் வந்து பார்ப்பார்களோ என்ற நினைப்பு வரும். 'வருமானக் கணக்கு' போதும்.

கணக்கு எளிது. கிராண்ட் தொகையைப் பத்தால் பெருக்கினால் தனியாக இருப்பவரின் மாத வரம்பு. அதை இரட்டித்தால் கணவன் மனைவிக்கு. 2025 ஏப்ரலில் ஒரு பிள்ளைக்கு மாதம் 560 ராண்டாக இருந்தது. ஆகவே தனியாளுக்கு மாதம் 5,600 ராண்ட், தம்பதிக்கு இருவருடையதும் சேர்த்து 11,200 ராண்ட். மூலத்தில் ஆண்டுக் கணக்கில், 67,200 என்றும் 1,34,400 என்றும் வந்தால், பன்னிரண்டால் வகுத்து மாதக் கணக்காக்குங்கள். தோட்டத்துச் சனத்துக்கு வருமானம் என்றால் மாதக் கூலிதான்.

இங்கே மூன்று சொற்கள் கெடுக்கும். சிங்கிள் என்பதைக் 'கல்யாணமாகாதவர்' என்று எழுதினால் விதவைகளும் விவாகரத்தானவர்களும் வெளியே நிற்பார்கள். 'துணை இல்லாமல் தனியாக இருப்பவர்' என்று எழுதுங்கள். தம்பதியின் வரம்பில் 'சேர்த்து' என்ற சொல் விழுந்துவிட்டால், ஆளுக்கு 11,200 என்று படிப்பார்கள். மூன்றாவதுதான் பெரிய கேடு: 'குடும்ப வருமானம்'. தமிழ்க் காதுக்குக் குடும்பம் என்றால் வீட்டில் உள்ள எல்லாரும். சாஸா பார்ப்பது பணம் கேட்பவரும் அவருடைய கணவன் அல்லது மனைவியும் சம்பாதிப்பதை மட்டுமே. மகன், மருமகள் சம்பளம் கணக்கில் வராது.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஆயாவுக்கு 63 வயது, விதவை. ஒன்பது வயதுப் பேரனை வளர்க்கிறார். முதியோர் கிராண்டாக, 2025 ஏப்ரல் கணக்கில், மாதம் 2,315 ராண்ட் வருகிறது. அதே வீட்டில் இருக்கும் மகன் மில்லில் 9,000 ராண்ட் சம்பாதிக்கிறார். 'குடும்ப வருமானம் 5,600க்குள்' என்ற நோட்டீஸைக் கேட்டால், 9,000ஐயும் 2,315ஐயும் கூட்டி, 11,315 என்று பார்த்து, ஆயா தலையை ஆட்டிவிட்டுப் போவார். சரியான நோட்டீஸைக் கேட்டால், தன் 2,315ஐ மட்டும் 5,600 பக்கத்தில் வைத்துப் பார்த்து, மறுநாள் சாஸாவுக்குப் போவார். ஒரே சொல்லில் ஆண்டுக்கு 6,720 ராண்ட் நிற்கிறது.

பெற்றோர் இறந்து, உறவினர் வளர்க்கும் பிள்ளைக்கு மேல்கூட்டுத் தொகையும் உண்டு. 2022இல் வந்தது. கிராண்டில் பாதி, 2025 கணக்கில் 280 ராண்ட் கூடி 840 ஆகும். இதை ஒரு வரியில் தனியே சொல்லுங்கள்; விவரத்தைச் சாஸாவில் கேட்கச் சொன்னால் போதும்.

விண்ணப்பம்: பட்டியலாக எழுதாமல் பயணமாக எழுதுங்கள்

ஆங்கில மூலம் ஆவணங்களை ஒரே பட்டியலாக அடுக்கும். படிப்பவர் கண்ணில் பட்ட முதல் இல்லாத தாளிலேயே நின்றுவிடுவார். அதை நடக்கும் வரிசையில் மாற்றி எழுதுங்கள். வீட்டில் தேட வேண்டியவை, போலீஸ் ஸ்டேஷனில் வாங்க வேண்டியவை, சாஸாவில் நடப்பவை என்று மூன்று இடம்.

வீட்டில்: உங்கள் ஐடி, பிள்ளையின் பிறப்புச் சான்று, வருமானத் தாள் அல்லது பேங்க் ஸ்டேட்மென்ட், கல்யாணமோ விவாகரத்தோ கணவன் மரணமோ எது இருக்கிறதோ அதன் சான்று. வேலை இல்லாதவர், கடைசியாக வேலை செய்த இடம் கொடுத்த வேலை நின்ற தாளையும் எடுத்துப் போகட்டும். அசலையே எடுத்துப் போகச் சொல்லுங்கள், நகலும் ஒன்று.

பெற்றவர் அல்லாதவருக்குக் கூடுதலாக ஒன்று வேண்டும்: பிள்ளை உங்களிடம்தான் வளர்கிறது என்பதற்கு ஆதாரம். அம்மாவோ அப்பாவோ போலீஸ் ஸ்டேஷனில் எழுதித் தரும் அஃபிடவிட் சிறந்தது. அவர்களைப் பிடிக்க முடியாவிட்டால் பள்ளிக்கூடக் கடிதம், சோஷியல் வொர்க்கர் அறிக்கை ஆகியவை உதவும். 'அல்லது' என்ற சொல் இங்கே விழவே கூடாது. ஆங்கிலத்தில் கமா போட்டு அடுக்கியதைத் தமிழில் '-உம், -உம்' என்று கட்டினால் எல்லாமும் வேண்டும் என்று ஆகிவிடும். ஆதாரங்களுக்கு எப்போதும் 'இவற்றில் ஏதாவது ஒன்று' என்று தொடங்குங்கள்.

பிறப்புச் சான்று இல்லாவிட்டால் என்ன என்பதை மூலம் பெரும்பாலும் கடைசியில் சின்ன எழுத்தில் வைத்திருக்கும். மேலே கொண்டு வாருங்கள், ஏனென்றால் அதிகம் பேர் திரும்பிப் போவது அங்கேதான். சான்று இல்லாமலும் விண்ணப்பிக்கலாம். சாஸாவின் சொந்த அஃபிடவிட் படிவத்தை வாங்கி, சத்தியம் வாங்க அதிகாரம் உள்ள, சாஸாக்காரர் அல்லாத ஒருவர் முன்னால், போலீஸ் ஸ்டேஷனில் என்றாலும் சரி, சத்தியம் செய்ய வேண்டும். பிள்ளையையும் உங்களையும் தெரிந்த மதிப்புள்ள ஒருவர், கவுன்சிலர், பள்ளி முதல்வர், சோஷியல் வொர்க்கர், மதகுரு போன்ற ஒருவர், எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஹோம் அஃபேர்ஸில் சான்றுக்கு மனுப் போட்டதற்கான சீட்டும், இருந்தால் கிளினிக் கார்டும் சேர்க்க வேண்டும். சான்றுக்கு இன்னும் மனுப் போடாதவர், கிராண்டுக்கு விண்ணப்பித்த மூன்று மாதத்துக்குள் ஹோம் அஃபேர்ஸில் போட வேண்டும். 'இல்லாவிட்டால் விண்ணப்பிக்க முடியாது' என்று உங்கள் தமிழில் ஒரு வரியும் தவறி வந்துவிடக் கூடாது.

சாஸாவில்: படிவத்தை நீங்களோ சாஸா அலுவலரோ மட்டுமே நிரப்ப வேண்டும். வாசலில் நிற்பவரிடம் காசு கொடுத்து எழுதச் சொல்ல வேண்டாம், சேவை இலவசம். முடிந்ததும் தேதி போட்ட ரசீது வாங்காமல் திரும்ப வேண்டாம். விண்ணப்பித்ததற்கு அது ஒன்றே சாட்சி.

காத்திருக்கும் காலத்தில்தான் இன்னொரு புரட்டு. 'மூன்று மாதத்துக்குள் பணம் வரத் தொடங்கும், விண்ணப்பித்த நாளிலிருந்து கணக்கிடப்படும்' என்பது மூலம். 'மூன்று மாதம் கழித்து' என்று எழுதினால் பொருள் மாறும். 'முன்தேதியிட்டு' என்று எழுதினால் யாருக்கும் புரியாது. 'ஜூனில் விண்ணப்பித்து, பணம் ஆகஸ்டில் வந்தாலும், ஜூனிலிருந்து சேர்த்தே வரும்' என்று மாதப் பெயரோடு எழுதுங்கள்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அதை எதிர்த்து முறையிட, முடிவு தெரிந்த நாளிலிருந்து 90 நாள். 'மேல்முறையீடு' என்ற சொல் பயமுறுத்துமானால், 'மறுத்தது சரியில்லை என்று எழுதிக் கேட்க 90 நாள் உண்டு' என்று போடுங்கள்.

எழுதி முடித்தால் இப்படி இருக்கும்

> பிள்ளை வளர்ப்பவருக்கு மாதப் பணம்: சைல்ட் சப்போர்ட் கிராண்ட். 2025 ஏப்ரல் கணக்குப்படி ஒரு பிள்ளைக்கு மாதம் 560 ராண்ட்.
>
> பிள்ளைக்குப் பதினெட்டாவது பிறந்தநாள் இன்னும் வரவில்லையா? பிள்ளைக்குச் சோறு போட்டு, பள்ளிக்கு அனுப்பி, கிளினிக்குக் கூட்டிப்போவது நீங்களா? அப்படியானால் நீங்கள் கேட்கலாம். பெற்றவராக இருக்க வேண்டியதில்லை. உங்களுக்கென்று முதியோர் பணம் வந்தாலும் பிள்ளைக்காகக் கேட்கலாம்.
>
> துணை இல்லாமல் தனியாக இருந்தால் உங்கள் வருமானம் மாதம் 5,600 ராண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. கணவன் மனைவியாக இருந்தால், இருவர் வருமானமும் சேர்த்து 11,200 ராண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. மகன், மகள், மருமகள் சம்பளத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.
>
> ஒரு பிள்ளைக்கு ஒருவர் மட்டுமே வாங்கலாம். பிள்ளையின் அம்மா ஏற்கெனவே வாங்கினால், அதைச் சாஸாவில் சொல்லி மாற்ற வேண்டும்.
>
> எல்லாத் தாளும் இல்லாவிட்டாலும் போங்கள். பிறப்புச் சான்று இல்லை என்றால் அங்கேயே சொல்லுங்கள். போகும்போது சாஸாவில் இப்படிச் சொல்லுங்கள்: சைல்ட் சப்போர்ட் கிராண்ட். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். காசு எதுவும் கொடுக்க வேண்டாம். இலவசமாகக் கேட்க: 0800 60 10 11.

நாட்டுரிமை வரியும் தாள் பட்டியலும் இதன் கீழே வரும். ஏன் இந்த வரிசை என்றால், கேட்பவர் முதல் அரை நிமிடத்தில் 'இது எனக்கா' என்று தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்தால்தான் மீதியைக் கேட்பார்.

சோதித்துப் பாருங்கள்

நோட்டீஸை ஒட்டுவதற்கு முன், அதைப் பார்த்திராத மூன்று பேருக்கு வாசித்துக் காட்டுங்கள். ஒருவராவது தமிழ் படிக்கத் தெரியாதவராக இருக்கட்டும். 'புரிஞ்சுதா ஆயா?' என்று கேட்காதீர்கள். 'புரிஞ்சுது'தான் பதில். ஒரு வீட்டைச் சொல்லி அவரையே தீர்ப்புச் சொல்ல விடுங்கள்: 'ஒரு தாத்தாவும் ஆயாவும் பேத்தியை வளர்க்கிறாங்க. தாத்தாவுக்கு 7,000 வருது, ஆயாவுக்கு 3,500. கூட இருக்கிற மகனுக்கு 4,000. பணம் கிடைக்குமா?' சரியான பதில் கிடைக்கும் என்பதே; 10,500தான் கணக்கு. 'கிடைக்காது' என்றால் மகனைக் கூட்டியிருக்கிறார், வருமானத்தைப் பற்றிய உங்கள் வாக்கியம் போதவில்லை. அடுத்து, 'நாளைக்குக் காலையில் முதலில் எங்கே போவீங்க, கையில் என்ன எடுப்பீங்க?' என்று கேளுங்கள். அவர் சொல்லும் வரிசையும் உங்கள் தாளில் உள்ள வரிசையும் வேறானால், அவரைத் திருத்தாதீர்கள், தாளைத் திருத்துங்கள்.

மூவரில் இருவர் ஒரே இடத்தில் இடறினால் அந்த வாக்கியத்தை முழுக்க மாற்றி எழுதி, புதிதாக ஒருவரிடம் வாசியுங்கள். பழைய மூவருக்கு இப்போது விடை தெரியும், அவர்கள் உதவ மாட்டார்கள்.

கடைசியாக, தாளின் அடியில் எழுதிய மாதமும் ஆண்டும் போடுங்கள். தொகை வழக்கமாக ஏப்ரலில் மாறும், தொகை மாறினால் வருமான வரம்பும் கூடவே மாறும். ஒவ்வொரு மார்ச் இறுதியிலும் கோயில் பலகையிலிருந்து பழைய தாளை எடுக்க ஒருவர் பெயரை முன்பே குறித்து வையுங்கள். பழைய வரம்பைப் பார்த்துத் திரும்பிப் போனவர் மறுபடி வந்து பலகையைப் பார்க்க மாட்டார்.